சொற்பட்டியல் பெரிதாகப் பெரிதாக எழுத்துணரிப் பிழை தானாகத் தீருமா?

கேள்வி: "பழைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை ஸ்கேன் செய்து டெசராக்ட் என்ற எழுத்துணரி நிரல் வழியாக உரையாக்கினேன். பிழை நிறைய. ஒரு தமிழ்ச் சொற்பட்டியலை வைத்து, அதில் இல்லாத சொல்லையெல்லாம் மிக நெருக்கமான சொல்லாக மாற்றும்படி ஒரு நிரல் எழுதினேன். பிழை குறைந்தது. ஆனால் ஆட்களின் பெயர், பேச்சு வழக்கு, பழைய எழுத்துமுறை எல்லாம் சேர்ந்து மாறிவிட்டன. இன்னும் பெரிய பட்டியல் போட்டால் சரியாகுமா?"

ஆகாது. ஒரு பக்கம் கொஞ்சம் நன்றாகும், மறுபக்கம் கெடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. அதை முழுவதும் ஏற்றினாலும் அதில் இருப்பவை தலைச்சொற்கள்தான். "கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட" என்ற சொல்லை எந்த அகராதியிலும் தேட முடியாது. சரி, உருபேற்ற வடிவங்களையும் சேர்ப்போம் என்று இணையத்து உரைத்தொகுப்புகளிலிருந்து சொற்களை அள்ளினால், மெய்ப்புப் பார்க்காத எழுத்துணரி உரைகளின் பிழைகளும் கூடவே பட்டியலுக்குள் வந்துவிடும். அப்படி எடுத்த ஒரு பட்டியலில் "என்ருன்" ஒரு சொல்லாகவே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு உங்கள் நிரல் அந்தப் பிழையைச் சரியான சொல் என்று விட்டுவிடும். ஆகவே சரிபார்த்து முடித்த பக்கங்களிலிருந்து மட்டும் சொல் எடுங்கள்.

உங்கள் நிரலில் பெயர்கள் கெட்டதற்குக் காரணம் பட்டியலைவிட "மிக நெருக்கமான சொல்" என்ற விதிதான். "இசக்கி வந்தாள்" என்ற வரியில் இசக்கி பட்டியலில் இல்லை. ஓர் எழுத்து மாற்றினால் "இறக்கி" கிடைக்கிறது. நிரல் அதை எடுத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் வரும் "எண்டு" பட்டியலில் இல்லை. ஓரெழுத்துத் தொலைவில் கண்டு, உண்டு, ஆண்டு, வண்டு என்று ஒரு கூட்டமே நிற்கிறது. "எண்டு சொன்னான்" என்பது "கண்டு சொன்னான்" ஆகிவிட்டால் வாக்கியமும் பொருளோடு படிக்கும். அடுத்து மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில்கூட அது படாது. தமிழில் குட்டையான சொற்களுக்கு ஓரெழுத்துத் தொலைவில் இவ்வளவு அண்டை வீட்டுக்காரர்கள் இருப்பதால், தொலைவை மட்டும் அளவுகோலாக வைத்துத் தானாகத் திருத்துவதை நான் முழுவதும் கைவிட்டேன்.

அதற்குப் பதிலாக நான் பிடித்துக்கொண்டது ஒரே வேறுபாடு: எழுத்துணரி தடுமாறுவது உருவத்தில், மனிதர்கள் வேறுபடுவது ஒலியில். இயந்திரம் பார்வைக்கு ஒத்த எழுத்துகளைக் குழப்பும், ர-வையும் காலையும் போல, எ-வையும் ஏ-வையும் போல. எழுதியவர் "சபை" என்பதை "ஸபை" என்று எழுதினால், "என்று" என்பதை "எண்டு" என்று பேசவைத்தால், "ஐயர்" என்பதை "அய்யர்" என்று போட்டால், அது ஒலியை ஒட்டிய வேறுபாடு. ஸ-வும் ச-வும் பார்வைக்கு ஒத்தவை அல்ல. எந்த எழுத்துணரியும் ச-வைப் பார்த்து ஸ என்று படிப்பது அபூர்வம். ஆக, ஒரு சொல் பட்டியலில் இல்லை என்றால் நீங்கள் கேட்கவேண்டியது "இதற்கு நெருக்கமான சொல் எது?" என்பதல்ல. "இந்த அச்சில் எந்த உருவம் எதுவாகப் படிக்கப்படுகிறது, அந்தக் குழப்பம் ஒன்றால் மட்டும் இது விளைந்திருக்க முடியுமா?" என்பதுதான்.

பழைய நூல்களில் இந்தக் குழப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காது. எழுத்தோடு சுழித்து ஒட்டியிருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரம் யானைத் தும்பிக்கை போல எழுத்தின் மேல் வளையும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ வரிசையும் அப்படியே. புதிய எழுத்துருக்களில் பழகிய எழுத்துணரி அந்தச் சுழித்த றா-வை "ரு" என்று படிக்கிறது. னா "ன" ஆகவோ "னு" ஆகவோ வருகிறது. தும்பிக்கை லை "லே" ஆகிறது, னை "னே" ஆகிறது. என்ருன், ஆனல், வேலே, அவனே என்று பக்கம் பக்கமாக வருவதன் காரணம் இதுதான். உங்கள் நூலின் பதிப்பாண்டை மட்டும் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம், பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரியார் 1935-லேயே தம் இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார். 1978-க்குப் பிறகும் கையிலிருந்த பழைய ஈய எழுத்துகளைக் கொண்டே அச்சிட்டவர்கள் உண்டு. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பழைய றா-வுக்கும் புதிய றா-வுக்கும் யுனிகோடில் ஒரே குறியீடுதான். ஆகவே "என்ருன்" என்பதை "என்றான்" ஆக்குவது நூலைப் புதுப்பிப்பதாகாது, அச்சில் உள்ளதை உள்ளபடி படிப்பதுதான். "ஸபை"யை "சபை" ஆக்குவதுதான் நூலை மாற்றுவது.

வேலையை இப்படித் தொடங்குங்கள். நூலின் வெவ்வேறு இடங்களிலிருந்து இருபது பக்கத்தை எடுத்து, படத்தைப் பார்த்துக் கையால் திருத்துங்கள். உரையாடல் நிறைந்த பக்கமும் விவரணை நிறைந்த பக்கமும் கலந்திருக்கட்டும். அவற்றில் பத்தைக் கடைசிச் சோதனைக்கென ஒதுக்கிவிட்டு, மீதிப் பத்தில் திருத்தும் முன் இருந்த உரையையும் பின் வந்ததையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எது எதுவாக மாறியது, எத்தனை முறை என்று எண்ணுங்கள். உங்கள் நூலுக்கான குழப்ப அட்டவணை அதிலிருந்து கிடைக்கும். இன்னொரு நூலின் அட்டவணையைக் கடன் வாங்க வேண்டாம். அச்சகம் மாறினால் எழுத்து மாறும், தாள் மாறினால் மை பரவும் விதமும் மாறும்.

ஒப்பிடுவதற்கு முன் உரையை ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொம்பும் காலும் தனித்தனியாக வந்த "கொ"வும் ஒரே குறியாக வந்த "கொ"வும் கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு இரண்டு. யுனிகோடின் `NFC` சீராக்கம் அதைத் தீர்க்கும். ஆனால் "கௌரவம்" என்பது "கெளரவம்" என்று ள-வோடு வந்திருந்தால் அது தீர்க்காது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் "தெளிவு" கெட்டுவிடும். பிறகு, எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக எண்ணுங்கள், குறியீடு குறியீடாக அல்ல. "ன" என்பதை "னா" ஆக்கச் சொன்னால், குறியீட்டு அளவில் தேடும் நிரல் "ன்" உள்ளே இருக்கும் ன-வையும் பிடித்துக் கால் செருகிவிடும். பைத்தானின் `regex` தொகுப்பில் `\X` தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கிறது.

```python
import regex, unicodedata

SWAP = {"ரு": ["றா"], "ன": ["னா"], "னு": ["னா"],
        "னே": ["னை"], "லே": ["லை"], "ளே": ["ளை"]}

def candidates(word, known):
    word = unicodedata.normalize("NFC", word)
    forms = [""]
    for ch in regex.findall(r"\X", word):
        forms = [f + x for f in forms
                 for x in [ch] + SWAP.get(ch, [])]
    return [f for f in forms if f != word and known(f)]
```

இதில் `known` என்பதுதான் உங்கள் சொற்பட்டியல். அது இறுதியில் வரும் சந்தி எழுத்தையும் (க், ச், த், ப்) வேற்றுமை உருபுகளையும் கழற்றிப் பார்க்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "வீட்டைப்" என்பதையே தெரியாத சொல் என்று சொல்லும். "இருக்கிருன்" என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு "ரு" இருக்கின்றன. முதலாவது உண்மையானது, இரண்டாவது றா-வின் பொய்முகம். எல்லா ரு-வையும் றா ஆக்கும் எளிய மாற்றம் "இறாக்கிறான்" என்று கெடுத்துவிடும். மேலே உள்ள நிரல் நான்கு வடிவங்களையும் உண்டாக்கும், பட்டியல் அவற்றில் "இருக்கிறான்" ஒன்றை மட்டும் ஏற்கும். சொற்பட்டியலுக்கு உரிய வேலை இதுதான். குழப்ப அட்டவணை முன்மொழியட்டும், பட்டியல் நடுவராக நிற்கட்டும்.

நான் தானாகத் திருத்த விடுவது மூன்றும் ஒருங்கே அமையும்போது மட்டுமே: வந்த சொல் பட்டியலில் இல்லை, அட்டவணைப்படி மாற்றினால் கிடைப்பது ஒரே ஒரு சொல், அந்தச் சொல் பட்டியலில் உண்டு. இதில் ஒன்று குறைந்தாலும் சொல்லைத் தொடாமல் அடையாளம் மட்டும் வைக்கிறேன்.

ஒரு வரியை எடுத்து நடத்திக் காட்டுகிறேன். எழுத்துணரி தந்தது: ஆனல் அவன் அவனேப் பார்த்து, "இல்லே" என்ருன். "ஆனல்" பட்டியலில் இல்லை, ஒரே மாற்று "ஆனால்", திருத்தலாம். "என்ருன்" அப்படியே "என்றான்". "அவனேப்" கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம். "அவனே" நல்ல தமிழ்ச் சொல். ஆனால் ஏகாரத்துக்குப் பின் வல்லினம் மிகாது. "அவனே பார்த்தான்" என்றுதான் வரும். இரண்டாம் வேற்றுமை ஐக்குப் பின் மிகும். ஆகவே அந்த ஒற்றை "ப்" இது "அவனைப்" என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறது. பல நிரல்கள் முதல் வேலையாகச் சந்தி எழுத்தைக் கழற்றி எறிந்துவிடுகின்றன. எனக்கு அது மனசு கேட்பதில்லை, ஏனென்றால் அந்த எழுத்து மிகச் சிறந்த சாட்சி. அதே வேளை "அவனே அடித்தான்" என்று வந்தால் சாட்சி கிடையாது. அவனேதான் அடித்தானா, அவனை அடித்தானா என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. அங்கே படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மீதி இருப்பது "இல்லே". உருவக் குழப்பமும் ஒலி வேறுபாடும் ஒரே புள்ளியில் வந்து சேரும் இடம் இது. அச்சில் "இல்லை" இருந்தாலும் எழுத்துணரி "இல்லே" என்று தரும். கதாபாத்திரம் பேச்சு வழக்கில் "இல்லே" என்று சொல்லியிருந்தாலும் "இல்லே" என்றுதான் வரும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தொகுப்பில் "இல்லே"யை ஒரே கட்டளையில் "இல்லை" ஆக்கினேன். உரையாடல்களில் அது நூற்றுக்கணக்கில் இருந்தது. கிராமத்துக் கிழவி ஒருத்தி திடீரென்று மேடைப் பேச்சாளர் மாதிரி பேசத் தொடங்கியதைப் படித்தபோதுதான் விளங்கியது. பழைய கோப்பு கையில் இருந்ததால் தப்பினேன்.

இந்த மாதிரிச் சொற்களுக்கு விதி தேடுவதைவிடக் கண்ணுக்கு வேலையை எளிதாக்குவது மேல். டெசராக்டை `tsv` வடிவில் ஓட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் `left`, `top`, `width`, `height` கிடைக்கும்.

```
tesseract p045.png p045 -l tam tsv
```

அந்த எண்களை வைத்து, நூல் முழுவதிலும் "இல்லே" என்று படிக்கப்பட்ட இடங்களைப் படத்திலிருந்து சிறு துண்டுகளாக வெட்டி, ஒரே திரையில் வரிசையாக அடுக்குங்கள். லே-யில் கொம்பு தனியாக முன்னால் நிற்கும். பழைய லை-யில் தும்பிக்கை எழுத்தோடு ஒட்டி ஒரே அச்சாக இருக்கும். அடுக்கிப் பார்க்கும்போது கண் தானே இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடும். பக்கம் பக்கமாகப் படித்துத் திருத்துவதில் பத்தில் ஒரு பங்கு உழைப்புகூட இதற்கு ஆவதில்லை. அதே கோப்பில் உள்ள `conf` என்ற நம்பிக்கை எண்ணை மட்டும் நம்பி இதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். மை கலங்கிய எழுத்தில் அந்த எண் இறங்கும், உண்மைதான். ஆனால் தெளிவாக அச்சான பழைய றா-வை ரு என்று படிக்கும்போது இயந்திரம் முழு நம்பிக்கையோடுதான் தவறுகிறது.

பெயர்களுக்கு வருவோம். குறுகிய அட்டவணை வைத்தாலே பெரும்பாலான பெயர்கள் தாமாகத் தப்பிவிடும். "குருசாமி"யை மாற்றினால் "குறாசாமி" வரும், பட்டியல் அதை ஏற்காது, பெயர் அப்படியே நிற்கும். ஆபத்து வருவது `known` தாராளமாக இருக்கும்போது. "பொன்னு" என்ற பெயருக்கு "பொன்னா" என்ற மாற்று உண்டாகிறது. வினா ஆகாரத்தையும் கழற்றத் தெரிந்த நிரல் அதைப் "பொன் + ஆ" என்று ஏற்றுக்கொள்ளும். இதைத் தடுக்க, திருத்தத் தொடங்கும் முன் நூலில் உள்ள தெரியாத சொற்களையெல்லாம் உருபு நீக்கி, அடிச்சொல்வாரியாகத் திரட்டி, எத்தனை முறை வருகிறது என்று வரிசைப்படுத்திக் கண்ணால் ஓட்டுங்கள். பொன்னு, பொன்னுவை, பொன்னுவுக்கு, பொன்னுவோடு என்று ஒரே அடிச்சொல் பல உருபுகளோடு வந்தால் அது பெயர். அதைக் காப்புப் பட்டியலில் போடுங்கள், நிரல் அந்தப் பட்டியலை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கட்டும். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு இது ஒரு மாலை வேலை.

அடிக்கடி வருவதாலேயே ஒரு சொல் சரியானது என்று எடுத்துக்கொள்ள மட்டும் கூடாது. "என்ருன்" கதைத் தொகுப்பில் எந்தப் பாத்திரத்தின் பெயரையும்விட அதிகமாக வரும். பெயரின் விநோத எழுத்து அந்த ஓர் அடிச்சொல்லோடு நின்றுவிடும். இயந்திரப் பிழை என்ருன், நின்ருர், போகிருள் என்று தொடர்பில்லாத வினைகளிலெல்லாம் ஒரே இடத்தில் தலைகாட்டும்.

வட்டார வழக்கிலும் இப்படிப் பல சொற்களில் பரவும் மாற்றம் உண்டு. எண்டு, ஒண்டு, மூண்டு என்று அது வரிசையாகவே வரும். அங்கே உருவக் கேள்விதான் காப்பாற்றும். டு-வும் று-வும் பார்வைக்கு ஒத்தவை அல்ல, ஆகவே தொடக் கூடாது. மிகவும் கவனம் வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சொற்களில் ன்-ஐ அடுத்து ர வராது, ற-தான் வரும். இந்த இலக்கணத்தை நம்பி "ன்ர" வந்த இடத்தையெல்லாம் "ன்ற" ஆக்குவது பலருக்கும் தோன்றும் யோசனை. எனக்கும் தோன்றியது. ஆனால் ஈழத்துக் கதைகளில் "என்ர அம்மா", "உன்ர வீடு" என்று வரும். "என்னுடைய" என்பதன் பேச்சு வடிவம் அது. அந்த விதி "என்ர அம்மா"வை "என்ற அம்மா" ஆக்கிவிடும். ஆகவே விதியை "ன்ர" என்று எழுதாமல், அட்டவணையில் உள்ளபடி "ன்ரு → ன்றா" என்று மட்டும் குறுக்குங்கள். ஹென்ரி போன்ற பெயர்களும் அதனால் பிழைக்கும்.

பழைய எழுத்துமுறையில் என் நிலை உறுதியானது. ஸந்தோஷம், ஸர்க்கார், இராமன், அய்யர், கருப்பு அல்லது கறுப்பு, எது அச்சில் இருக்கிறதோ அதுவே இருக்கட்டும். தேடுபவருக்கு "சபை" என்று தட்டினால் "ஸபை"யும் கிடைக்க வேண்டும் என்றால், அதற்குத் தேடலுக்கென்று இன்னொரு இணை உரையை வைத்து, அதில் மட்டும் ஒன்றாக்குங்கள். வாசகர் கண்ணில் படும் உரைக்கு அது வர வேண்டாம். ஒரே நூலுக்குள் இரண்டு வடிவமும் கலந்து வந்தாலும் நான் ஒன்றாக்குவதில்லை. கதைக்குக் கதை எழுதியவரோ அச்சுக்கோத்தவரோ மாறியிருக்கலாம், அந்தத் தடயம் யாருக்காவது தேவைப்படும். அச்சுப்பிழை என்று தெளிவாகத் தெரிவதையும் அப்படியே விட்டு, ஓரக் குறிப்பு மட்டும் வைக்கிறேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. பொது வாசகருக்கான மறுபதிப்பு என்றால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கடைசியாக, நிரலை ஓட்டிய பின் அது எதைக் கெடுத்தது என்று தெரிந்துகொள்ளும் வழி. கையால் திருத்திய இருபது பக்கங்களில் பத்தை அட்டவணை உருவாக்கவும் மீதிப் பத்தைச் சோதிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைப் பக்கங்களின் எழுத்துணரி உரையை நிரலுக்குக் கொடுத்து, எத்தனை பிழை திருந்தியது என்பதையும் சரியாக இருந்த சொற்களில் எத்தனை கெட்டது என்பதையும் தனித்தனியாக எண்ணுங்கள். உங்கள் முதல் நிரலில் முதல் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "பிழை குறைந்தது" என்று தோன்றியது அதனால்தான். ஒரு மாற்றம் சோதனைப் பக்கத்தில் ஒரே ஒரு சரியான சொல்லைக் கெடுத்தாலும் அதைத் தானியங்கி வரிசையிலிருந்து எடுத்து, படம் பார்த்துத் திருத்தும் வரிசைக்குத் தள்ளுகிறேன். திருந்தாமல் நிற்கும் பிழையை அடுத்து மெய்ப்புப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், தவறாகத் திருந்திய சொல் கண்ணுக்கு நல்ல தமிழாகத் தெரிவதால் நூலிலேயே தங்கிவிடும். பத்துப் பக்கம் சிறிய சோதனைதான். அதில் வராத வட்டாரச் சொல் எண்பதாம் பக்கத்தில் வரலாம். அதற்காக ஒவ்வொரு மாற்றத்தையும் பக்க எண், பழைய சொல், புதிய சொல் என்று ஒரு கோப்பில் பதிந்துவையுங்கள். அதை மாற்ற வகைப்படி அடுக்கி ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டினால், இடம் மாறி உட்கார்ந்த சொல் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். எழுத்துணரி தந்த மூல உரையின் மேல் மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள்.